ஏப்ரலில் போட வேண்டிய கழித்தல் கணக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

பிப்ரவரி பிறந்துவிட்டாலே வரிச்சலுகைக்கு எதில் பணம் போடலாம் என்ற கட்டுரைகள் எல்லா இதழ்களிலும் வரத் தொடங்கிவிடுகின்றன. அவற்றை ஏப்ரலில் வெளியிட்டால் நன்றாக இருக்கும். ஒரு தனியார் ஆலையின் கணக்குப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் இருந்தவன் நான். ஆண்டுதோறும் ஜனவரியில் ஊழியர்களிடம் முதலீட்டுச் சான்றுகளை வாங்கிச் சரிபார்த்ததும், மார்ச் சம்பளத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் திட்டு வாங்கியதும் என் வேலைதான்.

புதிய வரிமுறை வருவதற்கு முன் நடந்தது இது. எங்கள் மேற்பார்வையாளர் ஒருவர் மார்ச் மூன்றாம் வாரம் ஒரு காப்பீட்டுப் பாலிசியின் ரசீதோடு வந்தார். ஆண்டுப் பிரீமியம் ஒரு லட்சம். சேமிப்புகளை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள விடும் 80சி பிரிவில் உச்சவரம்பான ஒன்றரை லட்சத்தையும் காட்ட வேண்டும், கையில் எதுவும் இல்லை என்ற பதற்றத்தில் முகவர் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவருடைய சம்பளச் சீட்டை எடுத்துக் காட்டினேன். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 45,000. அதில் 12 சதவீதம், மாதம் 5,400 ரூபாய் வருங்கால வைப்பு நிதிக்குப் போகிறது. ஆண்டுக்கு 64,800. இதுவும் 80சி கணக்கில் சேரும் என்பது அவருக்கு நினைவில்லை. மகளின் பள்ளி ரசீதில் மொத்தம் 52,000 இருந்தது. அதில் பஸ் கட்டணம் முதலியவற்றை ஒதுக்கிவிட்டால் கல்விக் கட்டணம் மட்டும் 36,000. அதுவும் சேரும். ஒன்றரை லட்சத்தில் இந்த இரண்டையும் கழித்தால் மீதி 49,200. அவருக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். பிரீமியத்தில் எஞ்சிய ஐம்பதாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு பைசா வரி குறையவில்லை.

மறு ஆண்டு அந்த ஒரு லட்சத்தை அவரால் புரட்ட முடியவில்லை. பாலிசி காலாவதியானது. இரண்டு ஆண்டுப் பிரீமியம் கட்டி முடிப்பதற்குள் ஆயுள் காப்பீடு நின்றுபோனால், முன்பு பெற்ற கழிவு அந்த ஆண்டின் வருமானமாகத் திரும்பி வந்து உட்காரும் என்பது சட்டம். பிரீமியமும் போய், மிச்சம் பிடித்த வரியையும் திருப்பிக் கட்டினார்.

ஏப்ரலிலேயே அந்தக் கழித்தலைப் போட்டிருந்தால் 49,200 என்பது மாதம் 4,100 ரூபாய். அதைப் பொது வருங்கால வைப்பு நிதியில் போடுகிறவர்கள் தேதியைக் கவனிக்க வேண்டும். ஐந்தாம் தேதி முடியும்போது கணக்கில் இருக்கும் தொகைக்கும் மாதக் கடைசியில் இருக்கும் தொகைக்கும் எது குறைவோ, அதற்குத்தான் அந்த மாத வட்டி. ஆறாம் தேதி கட்டினால் அந்தத் தொகைக்கு அம்மாத வட்டி கிடையாது. 2020 ஏப்ரல் முதல் இருந்துவரும் 7.1 சதவீதத்தில், மாதாமாதம் ஐந்துக்குள் 4,100 கட்டியவருக்கு இந்தப் பணத்துக்கு அந்த ஆண்டில் சுமார் 1,890 ரூபாய் வட்டி சேரும். ஐந்தைத் தாண்டியே கட்டுகிறவருக்குச் சுமார் 1,600. மொத்தத்தையும் மார்ச் இருபதில் கட்டுகிறவருக்குச் சுழியம். கையில் பணம் இருந்து ஏப்ரல் ஐந்துக்குள் ஒரேயடியாகப் போட முடிந்தவருக்கு ஏறத்தாழ 3,490. உண்மையைச் சொன்னால், இந்த வட்டி வித்தியாசம் ஒருவரை வாழ வைத்துவிடாது. மார்ச் மாத அவசரத்தில் வாங்கும் தவறான பாலிசிதான் பெரிய நஷ்டம்.

வரிச்சலுகை தரும் பரஸ்பர நிதியில் கடைசி நாளில் போடுகிறவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. பணம் நிதி நிறுவனத்தின் கையில் சேர்ந்த பிறகுதான் யூனிட் ஒதுக்குவார்கள். மார்ச் 31 அன்று அனுப்பிய பணத்துக்கு ஏப்ரல் தேதியில் யூனிட் கிடைத்தால், கழிவு அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். மாதத் தவணையாகப் போடுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: மூன்றாண்டுப் பூட்டு ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனி. முதல் தவணைக்கு மூன்றாண்டு முடிந்ததும் எல்லாப் பணத்தையும் எடுக்க முடியாது.

அலுவலகம் ஜனவரியில் வைக்கும் கெடு சம்பளத்தில் வரி பிடிப்பதற்கு மட்டுமே. அதைத் தவறவிட்டவர் மார்ச் 31க்குள் முதலீடு செய்து, கணக்குத் தாக்கலின்போது கழிவு கேட்டு, கூடுதலாகப் பிடித்த வரியைத் திரும்பப் பெறலாம். இது தெரியாமல்தான் பாதிப் பேர் முகவர்களிடம் ஓடுகிறார்கள்.

இவையெல்லாம் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கே. புதிய முறையில் இந்தக் கழிவு கிடையாது. 2025-26 நிதியாண்டு முதல், சம்பள வருமானம் பன்னிரண்டே முக்கால் லட்சத்தைத் தாண்டாதவருக்கு அந்த முறையில் வரியே வராது. வீட்டுக்கடன் வட்டி, வாடகைப்படி போன்ற பெரிய கழிவுகள் உள்ளவர்கள்தான் இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டியவர்கள். எந்த முறை என்று ஏப்ரலில் அலுவலகத்தில் கேட்கும் அந்தப் படிவத்தை நிரப்பும்போதே சம்பளச் சீட்டையும் பள்ளி ரசீதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காளர்,
ஈரோடு.