மலைக்கோட்டை உச்சியில் வந்த நினைப்பு

டொரோண்டோ

அன்புள்ள தம்பி செந்திலுக்கு,

உன் கடிதம் வந்தது. மலைக்கோட்டை உச்சியில் விளிம்போரம் நின்றபோது ‘இன்னும் ஓரடி முன்னே போ’ என்று உள்ளே ஏதோ சொன்னதாகவும், அதிலிருந்து புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயமாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறாய்.

எனக்கும் அது வரும் செந்தில். இங்கே சுரங்க ரயில் மேடை விளிம்பில் புடைப்பு வைத்த மஞ்சள் பட்டை போட்டிருப்பார்கள். ரயில் வரும் காற்று முகத்தில் அடிக்கும்போது அதைத் தாண்டு என்பது போலத் தோன்றும். உடனே சுவரோரம் போய் நின்றுகொள்வேன்.

இதைப் பற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 431 மாணவர்களிடம் விசாரித்து 2012இல் எழுதியிருக்கிறார்கள். சாக வேண்டும் என்று ஒருநாளும் நினைத்திராதவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இது வந்திருக்கிறதாம். அவர்கள் சொல்லும் காரணம் இது: விளிம்பைக் கண்டதும் உடம்பு நம்மைக் கேட்காமலே பின்வாங்கிவிடுகிறது. புத்தி சற்றுப் பிந்தி வந்து, ‘தரை கெட்டியாகத்தானே இருக்கிறது, ஏன் பின்வாங்கினேன்? குதிக்க நினைத்தேனோ?’ என்று தப்பாகக் கணக்குப் போடுகிறது. நெஞ்சு படபடத்தாலே பயப்படுகிறவர்களுக்கு இது அதிகம் வருமாம். நீ சின்ன வயதிலிருந்தே அப்படித்தானே! ஆனால் அந்த நொடியில் மூளைக்குள் நடப்பதை யாரும் அளந்து பார்க்கவில்லை. நடந்ததை நினைவிலிருந்து கேட்டு ஊகித்தது. எனக்கு அது சரியாகவே படுகிறது.

உயரத்தில் உடம்பு ஆடுவதும் உண்மைதான். பக்கத்தில் கண்ணுக்குப் பிடிப்பாக எதுவும் இல்லாவிட்டால், நாம் எவ்வளவு சாய்கிறோம் என்று தெரியாது. எதிர்வீட்டு போர்ச்சுகல் பாட்டி பால்கனியில் வீட்டுப் பக்கத்துச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் துணி உலர்த்துவாள். நீயும் அப்படிச் சாய்ந்துகொண்டு, பக்கத்தில் இருக்கும் தூணைப் பார்.

ஒன்று மட்டும் மறைக்காதே. கீழே இறங்கிய பிறகும் சாகும் நினைப்பு கூடவே வந்தால், தூக்கமும் சாப்பாடும் கெட்டால், இது வேறு. அன்றைக்கே அத்தானிடம் சொல், டாக்டரிடம் போ, எனக்கும் போன் செய்.

அந்தப் பாட்டி நேற்று உப்புக்கண்ட மீன் சமைத்துத் தந்தாள். வாசனைக்கு அம்மாவின் கருவாட்டுக் குழம்பு ஞாபகம் வந்து, தட்டை வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். அம்மாவிடம் சொல்லாதே. குளிர் பழகிவிட்டது. ராத்திரி வேலையும் பார்க்கிறேன், சும்மா பொழுது போகத்தான். இந்த மாதம் பணம் கொஞ்சம் தாமதமாக வரும், வேறொன்றும் இல்லை.

அப்புறம், அம்மாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே. சித்தப்பா பாகப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாரா? பட்டா நகல் எடுத்து அனுப்பு. கொல்லைப்புறச் சுவரை அதற்கு முன் கட்ட ஆரம்பிக்க வேண்டாம்.

அன்புடன்,
அக்கா