குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், நிர்வாகிகள், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. தெருவிளக்குகள் பழுது பார்க்கப்பட்டன. விளையாட்டு விழா நல்லபடியாக நடந்தது.

இந்த ஆண்டு என் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது மாடிகளிலிருந்து இறக்கிய பழைய சோலார் பேனல்கள்தான். ஓர் உறுப்பினர் இறக்குவதற்கு முன்பே சொல்லிவிட்டார். அவருடைய பத்து பேனல்களையும் நல்ல வெயிலில் தனித்தனியாக மீட்டர் வைத்துப் பார்த்தோம். பெரும்பாலானவை 37 வோல்ட் காட்டின. ஒன்று மட்டும் 25 வோல்ட்டில் நின்றது. இப்படிச் சரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்தால், பின்பக்கப் பெட்டியில் உள்ள மூன்று டையோடுகளில் ஒன்று போயிருக்க வாய்ப்பு அதிகம். வோல்ட் சரியாக இருந்தால் மட்டும் போதாது, மின்கசிவும் பார்க்க வேண்டும். அதையும் பார்த்து, தேறியவற்றை மறுபயன்பாட்டுக்குக் கொடுத்தோம்.

இன்னொரு வீட்டில் எங்களைக் கூப்பிடுவதற்குள் காயலான் கடைக்காரர் வந்து போய்விட்டார். அலுமினியச் சட்டத்தையும் வயரையும் எடுத்துக்கொண்டு மற்றதைச் சுவரில் சாய்த்துவிட்டார். 20 கிலோ பேனலில் சட்டம் 2 கிலோ அளவுதான். கண்ணாடியே சுமார் 15 கிலோ. மீதி பிளாஸ்டிக், சிலிக்கான், கொஞ்சம் செம்பு, சில கிராம் வெள்ளி. கண்ணாடியும் செல்களும் பிளாஸ்டிக் படலத்தால் ஒட்டியிருப்பதால், பிரிக்கச் சூடான கத்தியோ சுமார் 500 டிகிரி உலையோ வேண்டும். பின்தாளில் பெரும்பாலும் ஃபுளோரின் இருக்கும், அதனால் வெட்டவெளியில் எரித்தால் நச்சுவாயு வரும். யாரும் அதைச் செய்ய வேண்டாம். சட்டம் போனதும் பேனல்கள் வளைந்து, கண்ணாடி முழுக்க நொறுங்கிவிட்டது. படலம் பிடித்திருந்ததால் உதிரவில்லை, ஆனால் விளிம்பில் கை வைக்க முடியவில்லை. அடுக்கிக் கட்ட வழியில்லை என்று மறுசுழற்சி ஆலை வண்டி ஏற்றாமலே திரும்பிவிட்டது. அவை இன்னும் அங்கேயே கிடக்கின்றன. சட்டத்தை விற்ற காசு அந்த வீட்டுக்கு. கண்ணாடியை அகற்றும் செலவு மட்டும் சங்கத்துக்கா? இதைப் பேசக் கூட்டிய கூட்டத்துக்குப் பேனல் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர்கூட வரவில்லை.

வரவு செலவு விவரம் பொருளாளரிடம் உள்ளது. வண்டி வாடகை எதிர்பார்த்ததைவிடக் கூடிவிட்டது. சந்தா பாக்கி வந்திருந்தால் சமாளித்திருக்கலாம். யார் யார் என்று இங்கே எழுதவில்லை.

ஒத்துழைத்த நிர்வாகிகளுக்கும் மின்பணியாளர்களுக்கும் நன்றி.

ஆலை வண்டி பத்து இருபது பேனலுக்காக வராது. ஒரு லோடு சேரும்வரை சட்டத்தோடு, மழை படாமல் வைக்க ஓர் இடம் வேண்டும். தரைத்தளத்தில் காலியான வண்டிக்கூடம் வைத்திருப்பவர்கள் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு முன் அவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இப்படிக்கு,
செயலாளர்