எட்டும் என் சர்டிபிகேட்டும்

அன்புள்ள செந்திலுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதை உன் அம்மா இரண்டு தடவை சொல்லிச் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. விதி எண் எட்டு என்றால் பணமும் பதவியும் தேடி வரும் என்று எவனோ வீடியோவில் சொன்னானாம். நீயும் சேமிப்பை எடுத்து ஆப்ஷன் டிரேடிங்கில் போடப் போகிறாயாம்.

சரி, நானும் உன் பிறந்த தேதியைக் கூட்டிப் பார்த்தேன். 14-6-1995. எல்லா இலக்கத்தையும் கூட்டினால் 35, அதையும் கூட்டினால் எட்டு. கணக்கில் தப்பில்லை. ஆனால் அதே ஜூனில் 5ஆம் தேதி பிறந்தவனுக்கும் எட்டு, 23ஆம் தேதி பிறந்தவனுக்கும் எட்டு. நீ பிறந்த அன்று ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் உன் அம்மாவுக்கு அடுத்த கட்டிலில் ஒரு பையன் பிறந்தான், ஞாபகமிருக்கிறதா, நம் தெரு வழியாகத்தான் ஸ்கூலுக்குப் போவான். இப்போது காசிமேட்டில் விடிகாலை மூன்று மணிக்கு ஐஸ் உடைக்கிறான். உனக்கு வந்த அதே எட்டுதான் அவனுக்கும்.

இன்னொரு கூத்து. நம்மூரில் எட்டு என்றால் சனி. எண் ஜோதிடர் கீரோ வழியில் பார்க்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நீ கைக்குழந்தையாக இருந்தபோது வண்ணாரப்பேட்டையில் ஒருவர், பெயரில் ஒரு எழுத்து கூட்டச் சொல்லிக் காசு கேட்டார். வண்டி நம்பர் கூட்டி எட்டு வந்தால் முகம் சுளிக்கிறவர்கள் இன்றும் உண்டு. ஒரே எண்ணை அவர் சாபம் என்றார், உன் வீடியோக்காரன் வரம் என்கிறான்.

என் கதையையும் கேள். நான் பிறந்தது 10-12-1963, கூட்டினால் ஐந்து. ஸ்கூலில் சேர்க்க வயது பத்தவில்லை என்று ஹெட்மாஸ்டர் 1-6-1963 என்று எழுதிவிட்டார். அதைக் கூட்டு, எட்டு! அவர் பேனாவை எடுத்ததும் என் விதி மாறிவிட்டதா? பணமும் வரவில்லை, பதவியும் வரவில்லை. ஒன்றாம் தேதி பிறந்தவன் முந்தின மாதக் கடைசி நாளே ரிட்டயர் ஆக வேண்டும் என்பது விதி. அதனால் துறைமுக வேலையிலிருந்து 2023 மே 31 அன்றே வெளியே வந்தேன். உண்மைத் தேதி இருந்திருந்தால் டிசம்பர் வரை சம்பளம். ஏழு மாதச் சம்பளம் போனதுதான் அந்த எட்டு எனக்குத் தந்த பலன்.

முகேஷ் அம்பானி 19-4-1957, கூட்டினால் ஒன்பது. ரத்தன் டாடா 28-12-1937, ஆறு. பெரும் பணக்காரர்களுக்கும் எட்டு தேவைப்படவில்லை பார். சில பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று நீ சொல்வாய், அதுவும் சரிதான். ஆனால் உன் வீடியோக்காரனும் நாலு பேரைத்தானே காட்டியிருப்பான்? ஐஸ் உடைக்கிறவனை அவன் காட்டவே மாட்டான்.

அந்தப் பணத்தை எடுக்கும் முன் ஒரு போன் போடு. எட்டை விடு, டிரேடிங்கில் எவ்வளவு போனால் தாங்குவாய் என்று அதைப் பேசுவோம்.

அப்பா
தண்டையார்பேட்டை