கவுன்டரில் அண்ணாவும் அக்காவும்

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு மதுரைப் பக்கம் வங்கிக் கிளையில் வேலை கிடைத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். நீ கேட்ட கேள்வி சின்னதில்லை. 26 வயசுப் பெண்ணை 45 வயசு ஆள் "அக்கா, இந்தச் செலான் சரியா பாருங்க" என்கிறார். அவள் முகம் சுருங்குகிறது. அவர் செய்தது மரியாதையா கேலியா, பதிலுக்கு இவள் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தாய். புனேயில் வளர்ந்த பிள்ளை என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மராத்தியில் அவள் தெரியாதவர்களை அண்ணன் என்ற பொருளில் தாதா என்றும் அக்கா என்ற பொருளில் தாயீ என்றும் கூப்பிட்டிருப்பாள். வயசை நினைக்க வேண்டாத இடத்தில், மூத்தவன் இளையவன் இருவருக்கும் பொதுவான பாவூ என்று சொல்லித் தப்பியிருப்பாள். பேச்சுத் தமிழில் அந்தப் பாவூ கிடையாது. அண்ணன் என்றால் மூத்தவன், தம்பி என்றால் இளையவன். இரண்டுக்கும் பொதுவாகச் சகோதரர் என்று ஒன்று இருந்தாலும் அது மேடைக்கும் அழைப்பிதழுக்கும் உரியது. மருந்துக் கடையில் போய் "சகோதரரே, ரெண்டு மாத்திரை" என்று யாரும் கேட்பதில்லை. அதனால் தெரியாத ஒருவரை உறவு சொல்லிக் கூப்பிடும்போதே, யார் மூத்தவர் என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். சௌகரியம், சங்கடம் இரண்டுக்கும் வேர் இதுதான்.

முதலில் சௌகரியம். தமிழில் முன்பின் தெரியாதவரைக் கூப்பிடப் பொதுச்சொல் குறைவு. "ஏங்க" இருக்கிறது, ஆனால் பல வீடுகளில் மனைவி கணவனைக் கூப்பிடும் சொல்லும் அதுதான். பெண் ஒருத்தி தெரியாத ஆணை "ஏங்க" என்று கூப்பிடச் சற்றே தயங்குவாள். "ஹலோ" என்றால் சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும். பெயர்ப் பலகையைப் பார்த்துப் பெயர் சொன்னால் மரியாதைக் குறைவு. "அண்ணா" என்ற ஒரே சொல் மூன்று வேலையைச் சேர்த்துச் செய்துவிடுகிறது. அவரைத் திரும்பிப் பார்க்க வைக்கிறது. இனி "நீங்க"தான், "நீ" வராது என்று உறுதி தருகிறது. நான் இளையவன், கேட்கிறேன். நீங்கள் மூத்தவர், தருகிறீர்கள் என்று இருவரையும் உட்கார வைத்துவிடுகிறது. தம்பி கேட்பதில் கூச்சமில்லை, அண்ணன் கொடுப்பதில் இறக்கமில்லை. பஸ்ஸில் "அண்ணா, ஒரு தாம்பரம்" என்பதற்குள் இவ்வளவும் இருக்கிறது.

ஆணும் பெண்ணும் பேசும்போது இன்னொன்றும் சேரும். நம் உறவுமுறையில் மாமன், அத்தை மக்கள் கட்டிக்கொள்ளும் முறை. சித்தப்பா, பெரியம்மா மக்கள் அண்ணன் தங்கை முறை, அங்கே கல்யாணப் பேச்சே இல்லை. ஆகவே ஒரு பெண் தெரியாத ஆட்டோக்காரரை "அண்ணா" என்றால் வேலி போட்டுவிட்டுப் பேசுகிறாள். "மச்சான்" ஆண் நண்பர்களுக்குள் தாராளமாகப் புழங்கும், தெரியாத பெண்ணிடம் போகாது. "மாமா"விலும் சிக்கல் உண்டு: சில வீடுகளில் பெரியவர் யாரும் மாமா, சென்னைத் தெருவில் அதற்கு வேறு மோசமான பொருளும் உண்டு. கவுன்டரில் தொடவே வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவை.

சொல்லை எங்கே வைப்பது என்பதையும் அவள் கவனிக்கட்டும். முன்னால் வைத்தால் கூப்பிடுதல்: "அண்ணா, ஒரு விவரம் கேக்கணும்." பின்னால் வைத்தால் கேட்பதை மெதுவாக்குதல்: "கொஞ்சம் சீக்கிரம் பாத்துக் குடுங்கண்ணா." ஒரு முறை முன்னால், தேவைப்பட்டால் ஒரு முறை பின்னால், அதோடு போதும். வாக்கியத்துக்கு வாக்கியம் அண்ணா வந்தால் ஏதோ வழக்கத்துக்கு மாறான காரியத்துக்கு அடிபோடுகிறார் என்று எதிரில் இருப்பவர் உஷாராகிவிடுவார். அதைவிட முக்கியம் வினைச்சொல்லின் வால். அண்ணா என்று சொல்லிவிட்டு "தண்ணி கொண்டா" என்று முடித்தால், அண்ணா சொல்லாமலே இருந்திருக்கலாம். மரியாதை முழுக்க "ங்க"வில் இருக்கிறது, உறவுச்சொல் அதற்கு மேல் பூசுவது. ஓட்டலில் மேசை துடைப்பவரைத் தம்பி என்றழைத்து "நீ" போட்டுப் பேசுபவர்களுக்கு இது புரிவதேயில்லை. அந்தத் தம்பிக்குச் சில சமயம் கூப்பிட்டவரைவிட வயசு அதிகம்.

இனி உன் மகள் சங்கதி. அந்த 45 வயசுக்காரர் அவள் வயசைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவருக்கு முன்னால் இருந்த வழிகளைப் பார். தங்கச்சி என்றால் அதிகாரி நாற்காலியில் இருப்பவளைக் கீழே இறக்கியதாகும், முன்பின் தெரியாத பெண்ணிடம் உரிமை எடுத்ததாகவும் படும். மேடம் என்பது அவர் வாய்க்குப் பழக்கமில்லை. பூக்கார அக்கா, சத்துணவு அக்கா என்று வேலையோடு சேர்ந்தே வரும் அக்காவை அவருக்குத் தெரியும். அதைத்தான் இவளுக்கும் வைத்தார். வயசில் தான் இறங்கி, இவளை மேலே ஏற்றினார். ஆனால் கேட்பவள் காதில் வயசு மட்டும்தான் விழுகிறது.

அக்காவின் தனிக் குணம் இது. தி.நகர் ஜவுளிக் கடையில் 50 வயசு அம்மாவிடம் விற்பனைப் பெண் "வாங்கக்கா, பட்டு மாடில இருக்கு" என்றால் அந்த அம்மாவுக்கு மனம் குளிரும். ஆன்ட்டி என்று கேட்டு வெறுத்தவருக்கு அக்கா பத்து வருஷத்தைக் குறைக்கிறது. அதே சொல் 26 வயசுப் பெண்ணுக்குப் பத்து வருஷத்தைக் கூட்டுகிறது. பொதுவாக, கூப்பிடுபவர் பார்வைக்கே மூத்தவராக இருந்து அண்ணா, அக்கா என்றால் உறுத்தும். அண்ணாவில் ஆண்கள் இதை அவ்வளவு பொருட்படுத்துவதில்லை; அண்ணன் என்பது பதவி மாதிரி, அரசியலிலும் பேட்டையிலும் வயசு பார்க்காமல் ஒட்டிக்கொள்கிறது.

அப்படியானால் மூத்தவர் இளையவரிடம் என்ன சொல்வது? இங்கே தமிழ் நமக்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. அண்ணன், அக்கா மேல்நோக்கி மட்டும் போகும் சொற்கள். அம்மா, அப்பா, ஐயா இருபக்கமும் போகும். பாட்டியையும் அம்மா எனலாம், பேத்தியையும் "வாம்மா" எனலாம். ஆகவே இவற்றில் வயசு தெரியாது. 45 வயசுக்காரர் "ஏம்மா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்றிருந்தால் யாருக்கும் உறுத்தியிருக்காது. "ம்மா"வோடு "பாரு" வராமல் "பாருங்க" வந்தால் சரியான அளவு.

மகள் கவுன்டருக்கு உள்ளே இருப்பவள், அவளுக்குக் கணக்கு வேறு. உதாரணத்துக்கு, பென்ஷன் எடுக்க ஒரு மூதாட்டி வருகிறார் என்று வை. கையெழுத்துத் தெரியாது, கைநாட்டு. "தாயி, இந்தக் காச எடுத்துக் குடு" என்பார். புனேக்காரிக்கு அது தாயீ என்று, அதாவது அக்கா என்று கேட்கும்! இங்கே தாயி என்பது பெரியவர் சின்னவளைத் தாயே என்று கொஞ்சிக் கூப்பிடுவது. "குடு" என்பதில் அவமதிப்பு இல்லை, 75 வயசுக்கு அந்த உரிமை உண்டு. பதிலுக்கு இவள் பாட்டி என்று தொடங்க வேண்டாம், சிலருக்கு அது தைக்கும். "அம்மா, புத்தகத்தக் குடுங்க. இங்க ஒரு ரேகை வைங்க" போதும். பணத்தை அவர் எதிரிலேயே ஒரு முறை எண்ணி, "எண்ணிப் பாத்துக்குங்கம்மா" என்று கொடுக்கட்டும். ஆண் பெரியவர்களுக்கு ஐயா. தன் வயசுக்காரர்களுக்கும் நடுவயசுக்காரர்களுக்கும் சார், மேடம். அவளாக அண்ணா என்று தொடங்காமல் இருப்பது நல்லது, காரணம் சொல்கிறேன்.

உறவுச்சொல் கடன் மாதிரி. அண்ணா என்றவர் அண்ணனாக நடக்கச் சொல்லிக் கேட்கிறார். டீக்கடையில் அது செல்லும், ஏனென்றால் சர்க்கரை குறைத்துப் போடுவது டீ மாஸ்டர் கையில் இருக்கிறது. ரேஷன் கடையில் எடை போடுபவர் கணக்கில் பதியாமல் பொருள் தர முடியாது, வங்கியில் உன் மகளால், கையெழுத்து ஒத்துப்போகாத காசோலைக்குப் பணம் தர முடியாது. முடியாது என்று சொல்லும் வேலையில் இருப்பவருக்கு அக்கா என்பது பாரம். "அக்கான்னு கூப்பிட்டேனே, இப்படிப் பண்ணிட்டீங்களே" என்ற வருத்தம் சட்டத்தின் மேல் போகாமல் ஆளின் மேல் வந்து விழும். தாலுகா அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் சார் என்றே எல்லோரும் சொல்வது இதனால்தான். அங்கே பேச வேண்டியது நாற்காலியோடு. ஆஸ்பத்திரி மட்டும் விசித்திரம், நர்ஸை சிஸ்டர் என்கிறோம். உறவும் பதவியும் ஒரே சொல்லில் அமைந்து வயசும் ஒட்டாமல் போனதால் அது நிலைத்துவிட்டது.

ஊர் மாறினால் சொல்லும் மாறும். மதுரையில் அண்ணே. கோவைப் பக்கம் "சொல்லுங்ணா" என்று ங்கவும் அண்ணாவும் ஒன்றாகிவிடும். திருநெல்வேலி, தூத்துக்குடியில் அண்ணாச்சி இயல்பான மரியாதை. அதையே சென்னையில் சொன்னால் தென்மாவட்டத்து மளிகைக் கடைக்காரர் என்று அர்த்தமாகிவிடுகிறது, எனவே வேறு யாரையும் அப்படிக் கூப்பிட்டால் நீ அவரை ஏதோ ஒரு ஊருக்கும் சாதிக்கும் சேர்த்துவிட்டதாக அவர் நினைப்பார். கேரளத்தில் அண்ணாச்சி என்பது தமிழனைக் குறைத்துச் சொல்லும் பேச்சு. அங்கே சேட்டன், சேச்சிதான் வழி. கீழக்கரை, காயல்பட்டினத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்பார்கள். நாம் வெளியே இருந்து பாய் என்கிறோம், பெரும்பாலும் அதில் மனக்குறை இல்லை.

ஆக, அந்த 45 வயசுக்காரர் நாளை மறுபடியும் அக்கா என்றால் மகள் திருத்த வேண்டாம். "சொல்லுங்க சார்" என்று சிரித்தபடி வாங்கட்டும். மூன்றாம் முறை வரும்போது அவர் வாயிலும் "மேடம்" அல்லது "ம்மா" வந்துவிடும். வராமல் அக்காவாகவே நின்றால், அவருக்கு அது அவள் பெயர் மாதிரி ஆகிவிட்டது என்று விட்டுவிடலாம்.

பொங்கலுக்கு நீ மதுரை வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுது. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

உன்,
சீனு