மாணவி சொன்னதில் பாதிதான் அச்சாகியிருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

எங்கள் ஊர்க் கல்லூரியின் கணினிக் கழகத்தில் ஒரு மாணவி ஆற்றிய சிற்றுரையைப் பற்றி ஞாயிறு பதிப்பில் செய்தி போட்டிருந்தீர்கள். “ஒரு சர்வர் விழுந்தாலும் லோட் பேலன்சர் வேலையை மற்ற சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடும், இணையத்தளம் முடங்காது” என்று அவர் பேசியதாக அதில் இருக்கிறது. நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். அந்தப் பிள்ளை அப்படி முடிக்கவில்லை.

ரப்பர் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஓர் ஆள் குறைந்தால் மண்டோர் அவர் பால் வெட்டும் மரங்களை மற்றவர்களுக்குப் பிரித்துவிடுவார் என்று சொன்னார். அதைப் போட்டீர்கள். மற்றவர்கள் ஏற்கெனவே முடிந்த மட்டும் வெட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று உடனே கேட்டார். அதை விட்டுவிட்டீர்கள். உரையின் உயிரே அந்தக் கேள்விதான்.

பலகையில் அவர் போட்ட கணக்கு இது. நான்கு சர்வர்கள், ஒவ்வொன்றும் விநாடிக்கு 300 கோரிக்கைகளைத் தாங்கும். வருவதோ 1000. ஆளுக்கு 250, சிக்கல் இல்லை. ஒன்று விழுந்தால் மீதி மூன்றுக்கும் ஆளுக்கு 333 வரும். தாங்காது. கோரிக்கைகள் வரிசையில் தேங்கும், நினைவகம் நிரம்பும். ‘உயிரோடு இருக்கிறாயா’ என்று லோட் பேலன்சர் அடிக்கடி கேட்கும் கேள்விக்குக்கூட நேரத்தில் பதில் வராது. உடனே அந்தச் சர்வரும் செத்துவிட்டதென்று அதை ஒதுக்கிவிடும். இப்போது மீதி இரண்டின் தலையில் ஆளுக்கு 500. சற்று நேரத்தில் எல்லாமே படுத்துவிடும்.

கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்தின் சர்வர் பராமரிப்பில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். ஒரு தீபாவளித் தள்ளுபடி இரவில் இதே சரிவைக் கண்ணால் பார்த்தேன். விழுந்ததை மறுபடி எழுப்பினால், தனியாக நிற்கும் அதன்மேல் மொத்தக் கூட்டமும் பாய்ந்து மீண்டும் வீழ்த்தியது. பக்கம் திறக்காதவர்கள் திரும்பத் திரும்ப அழுத்தியதில் சுமை இன்னும் ஏறியது.

இதற்கு வழியையும் மாணவி சொன்னார். ஐந்து சர்வர் வைத்தால் ஒன்று போனாலும் ஆளுக்கு 250தான். அதற்கு வசதியில்லையா, மூன்று சர்வர் தாங்கும் 900 கோரிக்கைகளை மட்டும் ஏற்று, மீதி 100 பேருக்கு ‘இப்போது முடியாது’ என்று சொல்லும் 503 என்ற பதிலை உடனே அனுப்பிவிட வேண்டும். நூறு பேர் காத்திருப்பார்கள். தொள்ளாயிரம் பேருக்கு வேலை நடக்கும்.

இவ்வளவையும் விட்டுவிட்டு, பொன்னாடை போர்த்திய பிரமுகர்களின் பெயர்களுக்கு அரைப் பத்தி ஒதுக்கியிருக்கிறீர்கள். தமிழ்ப்பள்ளி அறிவியல் கண்காட்சிச் செய்தியிலும் இதே கதைதான். பிள்ளைகள் என்ன செய்து காட்டினார்கள் என்று ஒரு வரி இல்லை. அப்போதும் எழுதினேன், பதில் வரவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளைப் பாராட்டினால் போதும், அவர்கள் சொல்லும் விஷயம் வேண்டாம் என்று உங்கள் அலுவலகத்தில் நினைக்கிறார்களோ என்று மனம் வலிக்கிறது. வகுப்பில் அந்தச் செய்தியைக் காட்டி, “முடங்கவே முடங்காதா?” என்று அந்தப் பிள்ளையை மற்றவர்கள் கேட்கிறார்களாம்.

அந்த 250, 333 கணக்கை மட்டும் அடுத்த ஞாயிறு நான்கு வரியில், அவர் பெயரோடு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்