ஓசை ஒற்றுமை மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

திராவிட மொழிகளின் உறவு குறித்த கட்டுரை, ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களை அடுக்கியதோடு நின்றுவிட்டது. மொழிகளின் உறவைக் கண்டறியும் ஒப்பியல் முறை தேடுவது ஒலி ஒற்றுமையை அல்ல, ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் வேற்றுமையை.

தமிழில் செவி, கன்னடத்தில் கிவி, தெலுங்கில் செவி. தமிழில் சிறு, கன்னடத்தில் கிறு, தெலுங்கில் சிறு. இ, எ-க்கு முன் தமிழின் சகரத்துக்குக் கன்னடம் ககரம் காட்டுகிறது. இம்மொழிகளின் பொது மூலத்தில் இருந்தது எது? இவ்வுயிர்களுக்கு முன் ககரம் சகரமாவது உலக மொழிகளில் சாதாரணம். எதிர்த்திசை மாற்றம் அரிது. எனவே ககரமே மூலம் என்று கொள்கிறோம்.

அப்படியானால் ‘கெடு’ ஏன் ‘செடு’ ஆகவில்லை? முதலில் இது விதியையே உடைப்பதுபோல் தோன்றும். கிளி, கிழி, கேள் ஆகியவற்றையும் பக்கத்தில் வைத்தால் காரணம் தெரிந்துவிடும்: அடுத்து ட, ண, ள, ழ போன்ற நாவளை ஒலி வந்தால் தமிழில் ககரம் மாறாது. தெலுங்கில் இந்தத் தடை இல்லை. அங்கே அது ‘செடு’தான்.

‘கீதம்’ போன்ற சொல்லில் நாவளை ஒலி இல்லை, ஆனாலும் ககரம் நிற்கிறது. அது வடமொழியிலிருந்து, இம்மாற்றம் ஓய்ந்தபின் வந்த கடன்சொல். கடன்சொற்களை முதலில் களையாமல் பட்டியல் போட்டால் கணக்கு தப்பும். கட்டுரையில் நேர்ந்ததும் அதுவே.

— ஒரு வாசகர்