நீ அனுப்பிய ரெஸ்யூமே பற்றி

பாப்பாவுக்கு,

வெளிநாட்டுப் பள்ளி வேலைக்கு நீ எழுதிய ரெஸ்யூமே ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டேன். போனில் சொன்னால் நீ குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே "சரிம்மா சரிம்மா" என்பாய், பாதி காதில் ஏறாது. அதனால் எழுதுகிறேன், ராத்திரி உட்கார்ந்து படி.

முதலில் அந்த மேல் பத்தியை எடுத்துவிடு. கற்பித்தலில் தீராத ஆர்வம், மாணவர்களை ஊக்குவிக்கும் திறன், குழுவாக இயங்கும் மனப்பான்மை என்று ஆறு வரி போட்டிருக்கிறாய். ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இருந்த காலத்தில் இந்த ஆறு வரியை நான் ஒருநாளும் படித்ததில்லை. நான் மட்டுமல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் படிக்கவில்லை. கண் நேராக அடுத்த பகுதிக்குப் போகும்: என்ன பாடம், எந்தப் பாடத்திட்டம், எந்த வயசுப் பிள்ளைகள், எந்தப் பொதுத் தேர்வு. இது பத்து நொடிக்குள் தெரியவில்லை என்றால் அடுத்த ஃபைல்தான். அந்த இடத்தில் இரண்டே வரி போதும். வேதியியல் ஆசிரியை, எம்.எஸ்ஸி., பி.எட்., 2020 முதல் கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ, அதற்கு முன் ஐசிஎஸ்இ, அடுத்த ஆகஸ்டில் சேரத் தயார். அவ்வளவுதான்.

அப்புறம் பாடத்திட்டம். "9, 10ஆம் வகுப்புகளுக்கு வேதியியல்" என்று எழுதியிருக்கிறாய். ஹனோயிலோ துபாயிலோ பிரிட்டிஷ் பள்ளியில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவருக்கு 9ஆம் வகுப்பு என்றால் பதிமூன்று வயசு, ஏனென்றால் அவர்களுடைய இயர் 9 நம்முடைய 8ஆம் வகுப்பு. நம்முடைய 9, 10 அவர்களுக்கு இயர் 10, இயர் 11. அதனால் இரண்டையும் போட்டு, 14 முதல் 16 வயது என்றும் சேர்த்துவிடு, எந்த நாட்டுப் பள்ளியாக இருந்தாலும் குழப்பம் வராது. கேம்பிரிட்ஜ் பாடக் குறியீடு 0620 என்பதையும் கட்டாயம் போடு. நீ நடத்தியது எக்ஸ்டெண்டட் பிரிவு என்பதையும் சொல், ஏனென்றால் கோர் பிரிவில் எழுதும் பிள்ளைக்கு அதிகபட்சமே சி கிரேடுதான். பிரிவைச் சொல்லாமல் கிரேடை மட்டும் சொன்னால் அதை எடைபோடவே முடியாது. ஐசிஎஸ்இ என்ற நான்கெழுத்து அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்காதே. 10ஆம் வகுப்பு முடிவில் எழுதும் அகில இந்தியப் பொதுத் தேர்வு, ஆங்கில வழி, வேதியியலுக்குத் தனித் தாள் என்று ஒரே ஒரு வரி கொடு.

ஐபி, அதாவது இன்டர்நேஷனல் பாக்கலாரியட் பாடத்திட்டம் பற்றிய வரி எனக்குப் பிடிக்கவில்லை. நீ போனது ஒரு பயிற்சிப் பட்டறை, அதுவும் புதிதாக வருகிறவர்களுக்கான முதல் நிலைப் பட்டறை. அதை அனுபவம் என்ற தலைப்பின் கீழ் வைத்தால், நேர்காணலில் இன்டர்னல் அசெஸ்மென்ட் எப்படித் திருத்தினாய் என்று ஒரே கேள்வியில் பிடித்துவிடுவார்கள். பயிற்சி என்ற தலைப்பின் கீழ் நேர்மையாக வை. ஐபிக்குக் காட்ட உன்னிடம் வேறு ஒன்று இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

இப்போது நான் உண்மையில் எழுத நினைத்த விஷயம். "93% தேர்ச்சி" என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறாயே, அது யாருக்கு என்ன சொல்கிறது? எத்தனை பேரில் 93? உன் மார்ச் 2024 பேட்ச் 14 பிள்ளைகள். 13 பேர் சி அல்லது அதற்கு மேல், அதைத்தான் 93% ஆக்கியிருக்கிறாய். பதினான்கு பேரில் ஒரு பிள்ளை வழுக்கினால் ஏழு சதவீதம் போய்விடும். இவ்வளவு சின்ன வகுப்புக்குச் சதவீதம் போட்டாலே, அனுபவமுள்ள ஆளுக்கு எதையோ மூடுகிறாள் என்று தோன்றும். எண்ணிக்கையாகவே எழுது: 14 பேர், ஏ ஸ்டாரும் ஏ-யும் 5, சி அல்லது அதற்கு மேல் 13. அடுத்த வருஷம் 16 பேர், ஏ ஸ்டாரும் ஏ-யும் 9, எல்லோரும் சி அல்லது அதற்கு மேல். இரண்டு வருஷத்தையும் போடு, நல்ல வருஷத்தை மட்டும் பொறுக்காதே. மார்ச் தேர்வு என்று போடவும் மறக்காதே. வெளிநாட்டில் அவர்களுக்கு மே-ஜூன்தான் பெரிய சீசன், மார்ச் சீசன் இந்தியாவுக்கு மட்டும் நடப்பது. தெரியாத ஆள் தேதி தப்பு என்று நினைத்துவிடக் கூடாது.

ஆனால் கிரேடு மட்டும் போதாது. பொறுக்கியெடுத்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒன்பது ஏ வாங்குவதில் டீச்சருக்கு என்ன பெருமை? பிள்ளைகள் எங்கே தொடங்கினார்கள் என்பது பக்கத்திலேயே இருக்க வேண்டும். உங்கள் பள்ளியில் 9ஆம் வகுப்புத் தொடக்கத்தில் கேட்-4 திறன் தேர்வு வைக்கிறார்கள் என்று சொன்னாய். அந்த அறிக்கையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாடவாரியாக எந்த கிரேடு வரக்கூடும் என்று ஒரு கணிப்பு இருக்கும். அதை ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டு வாங்கி, உன் 16 பேரின் உண்மையான கிரேடோடு பக்கத்தில் வைத்துப் பார். கணிப்பைவிட மேலே வந்தவர்கள் இத்தனை பேர், கீழே போனவர்கள் இத்தனை பேர் என்று இரண்டையும் எழுது. கீழே போனவர்கள் இரண்டு பேர் இருந்தாலும் எழுதலாம், அது உன் மேல் நம்பிக்கையைக் கூட்டத்தான் செய்யும். பிள்ளைகளின் பெயரோ மார்க் ஷீட்டோ மட்டும் எதிலும் இணைக்காதே. ஒருத்தி அப்படி அனுப்பியிருந்தாள், மற்றதைப் பார்க்காமலே ஒதுக்கினோம்.

இதைவிட முக்கியமானது, நீ என்ன செய்ததால் அந்த மாற்றம் வந்தது என்பது. அதை நீ எழுதவே இல்லை! 2024 ரிசல்ட் வந்ததும் புலம்பினாயே, ஞாபகம் இருக்கிறதா, ஆறாம் தாளில் பிள்ளைகள் சறுக்கியதைச் சொல்லி. செய்முறைக்குப் பதிலாக எழுதும் அந்தத் தாளுக்கு 40 மார்க், மொத்தத்தில் 20% எடை. அதில் கடைசிக் கேள்வி, ஒரு சோதனையை நீயே திட்டமிடு என்பது, 6 மார்க். உன் பிள்ளைகள் என்னென்ன எடுத்துக்கொள்வேன் என்று பட்டியல் போட்டார்கள், ஆனால் எதை அளப்பேன், எதை மாற்றாமல் வைப்பேன் என்று எழுதவில்லை. அதற்கு நீ என்ன செய்தாய்? இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரட்டைப் பீரியடை லேபுக்கு மாற்றினாய். செய்முறைத் தாளைக் கையில் கொடுக்காமல் கேள்வியை மட்டும் கொடுத்தாய். எந்த அமில நீக்கி மாத்திரை அதிக அமிலத்தைச் சமன்செய்கிறது, கண்டுபிடி, அவ்வளவுதான். முதல் நாள் ஒரு குழு மாத்திரையை எடை போடாமலே அமிலத்தில் போட்டுவிட்டு, எதோடு எதை ஒப்பிடுவது என்று விழித்ததைச் சொல்லிச் சிரித்தாய். அடுத்த பேட்சில் அந்தத் தாளின் சராசரி 21-லிருந்து 29-க்குப் போனது. பள்ளிக்கு வரும் ரிசல்ட்டில் தாள் வாரியாக மார்க் இருப்பதால் இதை உன்னால் ஆதாரத்தோடு சொல்ல முடியும்.

அந்த ஒரு பத்திதான் உன் ரெஸ்யூமேவின் உயிர். ஆங்கிலத்தில் நீயே எழுதிக்கொள், சாரம் இப்படி இருக்கட்டும்: "மார்ச் 2024 விடைகளை ஆராய்ந்ததில் திட்டமிடல் கேள்வியில் இழப்பு அதிகம் என்று தெரிந்தது, இரண்டு வாரத்துக்கு ஒரு திறந்த நிலை ஆய்வு வகுப்பு தொடங்கினேன், ஆறாம் தாள் சராசரி 40-க்கு 21-லிருந்து 29 ஆனது (16 மாணவர்கள், வேறு பேட்ச்)." அந்த "வேறு பேட்ச்" என்பதை விட்டுவிடாதே. அதே பிள்ளைகள் முன்னேறியதாகப் படிக்கிறவர் நினைத்தால் தப்பு உன்னுடையது. பேட்ச் வேறு என்பதால் கொஞ்சம் உயர்வு பிள்ளைகளாலும் வந்திருக்கலாம், கேள்வித்தாளாலும் வந்திருக்கலாம், கேட்டால் அதையும் ஒத்துக்கொள். ஐபிக்குக் காட்ட இருக்கிறது என்றேனே, அதுவும் இதுதான். அவர்கள் டிப்ளமா வேதியியலில் இன்டர்னல் அசெஸ்மென்டுக்கு 20%, பிள்ளை தானே கேள்வி கேட்டுத் தானே சோதனை வடிவமைப்பது. நீ ஐபி நடத்தியதில்லை, ஆனால் அந்த வேலையைப் பதினைந்து வயசுப் பிள்ளைகளிடம் செய்து பார்த்திருக்கிறாய்.

கூடுதல் பொறுப்புகளில் பதினொன்று வரிசையாக அடுக்கியிருக்கிறாய். ஆண்டு விழாவில் ரங்கோலி நடுவர் எல்லாம் எதற்கு? மூன்று போதும். வகுப்பாசிரியராக 22 பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது, வியாழக்கிழமை அறிவியல் மன்றம், அப்புறம் லேப் பொறுப்பு. வெளிநாட்டுப் பள்ளியில் ஏறக்குறைய எல்லா ஆசிரியரும் பள்ளி முடிந்ததும் ஒரு மன்றமோ விளையாட்டோ நடத்த வேண்டியிருக்கும். நீ வந்த முதல் வாரமே எதைத் தொடங்குவாய் என்பதை அவர்கள் இந்தப் பகுதியில் தேடுகிறார்கள். ஆகவே மன்றத்துக்கு எந்த வயசு, எத்தனை பேர், எத்தனை மணி நேரம், வருஷக் கடைசியில் என்ன செய்து காட்டினார்கள் என்று எழுது. லேப் பொறுப்பை "ஆய்வகப் பொறுப்பாளர்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டாய். நைட்ரிக் அமிலத்தை ஆல்கஹாலும் அசிட்டோனும் இருந்த அலமாரியிலிருந்து பிரித்து வைத்ததும், ஒவ்வொரு சோதனைக்கும் ஆபத்து மதிப்பீட்டுத் தாள் எழுதியதும், இருப்புப் பதிவேடு தொடங்கியதும் அதற்குள்தானே இருக்கிறது? வேதியியல் டீச்சரை எடுக்கும் பள்ளிக்கு ரங்கோலியைவிட இது பத்து மடங்கு வேண்டும்.

2019 ஏப்ரல் முதல் 2020 மே வரை ஒன்றுமே இல்லை, அதை வருஷத்தை மட்டும் போட்டு மறைத்திருக்கிறாய். கூடாது. பிள்ளைகள் பாதுகாப்பு விஷயத்தில் கவனமான பள்ளிகள் மாதம் வாரியாகப் பார்ப்பார்கள், இடைவெளி எதற்கு என்று கேட்டே தீருவார்கள். மகப்பேறும் குழந்தை வளர்ப்பும் என்று ஒரு வரி, அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பரிந்துரைக்கு உன் தோழியின் பெயரை எடுத்துவிட்டு, இப்போதைய பிரின்சிபால் பெயரையும் பள்ளி மின்னஞ்சலையும் கொடு. ஜிமெயில் முகவரி கொடுத்தால் திரும்பக் கேட்பார்கள். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, வெளியாள் போன் செய்து அவருக்குத் தெரிய வேண்டாம்.

எல்லாம் சேர்ந்து இரண்டு பக்கத்தில் அடங்க வேண்டும். அக்டோபர், நவம்பரிலேயே நல்ல இடங்கள் விளம்பரம் வர ஆரம்பித்துவிடும், அதனால் தீபாவளிக்கு அப்புறம் பார்க்கலாம் என்று இழுக்காதே. போலீஸ் கிளியரன்ஸ் சர்டிஃபிகேட்டுக்குப் பாஸ்போர்ட் சேவா தளத்தில் எப்படி விண்ணப்பிப்பது என்று மாப்பிள்ளையைப் பார்த்து வைக்கச் சொல், குடும்ப விசாவுக்கு அவருக்கும் கேட்கலாம். உடன் வருவோர் கணவர், ஆறு வயதுக் குழந்தை ஒன்று என்று கடைசியில் குறிப்பிட்டுவிடு, குழந்தைக்கு அங்கேயே படிக்க இடம் கொடுப்பார்களா என்பது சம்பளத்தைவிடப் பெரிய விஷயம், அதை நேர்காணலில் நீதான் கேட்க வேண்டும்.

கேட்-4 எண்கள் கிடைத்ததும் அந்தப் பத்தியை மட்டும் முதலில் எழுதி அனுப்பு, மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

அம்மா